சாத்துங்களேம்மா

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் தமிழ் நோயாளிகளுக்காகப் பத்து வருஷமாக மொழிபெயர்ப்பவளுக்கு, அதே வேலைக்குப் புதிதாக வந்தவளைக் கண்டாலே வயிறு எரிந்தது. நர்சுகள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அன்று ஒரு நோயாளிப் பெரியவர், "கொஞ்சம் ஜன்னலைச் சாத்துங்களேம்மா" என்றார். மூத்தவள் அதை ஆங்கிலத்தில் "ஜன்னலை மூடு" என்று சொல்ல, நர்சின் முகம் சுருங்கியது. பக்கத்துப் படுக்கையருகே நின்ற புதியவள் "ப்ளீஸ்" சேர்த்துத் திருப்பிச் சொன்னாள். நர்ஸ் சிரித்தபடி ஜன்னலைச் சாத்தினாள்.

வராந்தாவில் மூத்தவள் மடக்கினாள். "அவர் ப்ளீஸ்னு சொன்னாரா? இல்லாததை ஏன் சேர்க்குற?"

"சொன்னாரேக்கா. 'கொஞ்சம்'னாரு, 'சாத்துங்களேன்'னாரு, 'அம்மா'ன்னாரு. எல்லாத்துலயும் மரியாதை இருக்கே. அது இங்கிலீஷ்ல ப்ளீஸாத்தான் போய்ச் சேரும். நம்மள்ல யாராவது தண்ணி கேக்க தயவுசெஞ்சுன்னு சொல்றோமா? சொன்னா, கோபமா இருக்கோமா, கெஞ்சுறோமான்னுதானே பாப்பாங்க?"

பத்து வருஷமாக எத்தனை பணிவான மனிதர்களைத் தன் வாயால் முரடர்களாக்கியிருக்கிறோம் என்று மூத்தவள் எண்ணிப் பார்த்தாள்.

சாயங்காலம் பெரியவர், "தலையணையைச் சரிபண்ணுங்களேன்" என்றார். மூத்தவள் ப்ளீஸ் சேர்த்தே சொன்னாள். நர்ஸ் தலையணையைச் சரிசெய்து, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பெரியவர் முகம் மலர்ந்தது. புதியவளிடம் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்றே என்று மூத்தவளுக்கு மட்டும் இன்னும் வயிறு எரிந்தது.