மச்சான் என்ற சொல்லுக்கு ஆட்சேபம்

எங்கள் இழுவைப்படகில் ஏறும்போது கால் வழுக்கும். அதனால்தான் கப்டன் றம்ஸான், படகைப் பார்வையிட வந்த நடுத்தீர்ப்பாளர் ஹிஸ்புல்லாவுக்குக் கையை நீட்டி, "மெதுவா வாங்க மச்சான், எண்ணெய் கிடக்கு" என்றார். அதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கமராவில் பதிவு செய்துகொண்டிருந்தார். லண்டனிலிருந்து வந்தவர், திருகோணமலை வெயிலில் இறால் மாதிரிச் சிவந்திருந்தார்.

சங்கதி இதுதான். சீனன்குடாப் பக்கத்து இறங்குதுறையில் ஒரு பாரக்கப்பல் முட்டியது. பிழை எங்கள் டக் எனும் இழுவைப்படகினுடையது, தேவைக்கு மேல் தள்ளிவிட்டது என்பது கப்பல் கம்பனியின் கதை. "எஞ்சினை நிப்பாட்டுங்க எண்டு கப்பலுக்கு வயர்லெஸ்ஸில மூண்டு தரம் கத்தினன், ஒருத்தனும் கேக்கல்ல" என்பது றம்ஸானின் சாட்சியம். அதைக் கேட்ட வேறு சாட்சி இல்லை. றம்ஸானை நம்பினால் படகு தப்பும், நம்பாவிட்டால் படகுக்காரி நஸ்ரியா என்ற நான் படகை விற்றுவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஒப்பந்தப்படி இதைத் தீர்க்க, சிங்கப்பூர்ச் சட்டத்தின் கீழ் மூன்று நடுத்தீர்ப்பாளர்கள். கப்பல் கம்பனி ஒருவரை நியமிக்க, நாங்கள் ஒருவரை நியமிக்க, அந்த இருவரும் சேர்ந்து தலைவரைத் தெரிவு செய்தார்கள். தலைவர் ஒரு டச்சுக்காரர். பொறுப்பேற்கும்போது தனக்கு யார் யாரோடு என்ன தொடர்பு என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு ஒன்பது வருடத்துக்கு முன் ஒரே மாநாட்டில் பேசியதைக்கூட விடவில்லை. வேலைவெட்டி இல்லாத மனிதர் என்று அப்போது சிரித்தேன்.

நாங்கள் நியமித்தவர் ஹிஸ்புல்லா. கப்பல் பொறியியலாளர், பிறகு சட்டம் படித்துக் கொழும்பில் பெரிய ஆள். டக் கயிறு எப்போது இறுகும், எப்போது அறும் என்று தெரிந்த ஒரே நடுத்தீர்ப்பாளர். அவருடைய படிவத்தில் ஒரே வரி: வெளிப்படுத்த எதுவும் இல்லை. அந்த மிடுக்கு எனக்குப் பிடித்திருந்தது. என் புத்தி அவ்வளவுதான்.

நடுத்தீர்ப்பாளர்கள் படகைப் பார்வையிட்ட பதின்மூன்றாம் நாள் ஆட்சேபம் வந்தது. விஷயம் தெரிந்து பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டு நாள் மிச்சம் வைத்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பிரதான சாட்சி ஹிஸ்புல்லாவை 'மனைவியின் சகோதரன் அல்லது சகோதரியின் கணவன்' என்று அழைத்தாராம். ஆகவே அவருடைய பக்கச்சார்பின்மையில் நியாயமான சந்தேகம் எழுகிறதாம். சென்னையில் முத்திரை குத்திய மொழிபெயர்ப்பும் இணைப்பில் இருந்தது.

எங்கள் வழக்கறிஞர் யதுர்ஷன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அக்கா, இந்த நாட்டில ஓட்டோக்காரனும் மச்சான், கோழிக்கடைக்காரனும் மச்சான். சிங்களவனும் மச்சான் எண்டுதான் சொல்லுறான். இவையள் அகராதியத் தூக்கிக்கொண்டு வந்திருக்கினம்!"

நானும் சிரித்தேன். பதில் எழுதுவதில் யதுர்ஷனுக்குக் குஷி தாங்கவில்லை. மச்சான் என்ற சொல்லுக்குப் பதினொரு உதாரணம் தேடிப் பிடித்தார். கருத்துச் சொல்ல ஹிஸ்புல்லாவுக்கும் அவகாசம் இருந்தது. அவர் எல்லோருக்கும் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினார். மச்சான் என்பது எங்கள் நாட்டில் சாதாரண அழைப்பு, இந்த ஆட்சேபம் ஒரு பண்பாட்டையே அவமதிக்கிறது, முப்பது வருடத் தொழிலில் தன்னை ஒருவரும் சந்தேகித்ததில்லை என்று பொரிந்து தள்ளியிருந்தார். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

பதிலோடு இணைக்க றம்ஸானின் ஒரு வரி வாக்குமூலம் தேவைப்பட்டது. ஆளைக் கூப்பிட்டேன்.

"றம்ஸான், அவரை ஏன் மச்சான் எண்டு கூப்பிட்டீங்க? பழக்கத்திலதானே?"

"என்ன ராத்தா கேள்வி இது? மச்சான மச்சான் எண்டுதானே கூப்பிடோணும்?"

"எண்டா?"

"எங்கட சாச்சிட மூத்த மகளத்தானே அவர் முடிச்சிருக்கார். பெருநாளைக்கு மூதூருக்கு வந்தா எங்கட வீட்டிலதான் சாப்பாடு."

சாச்சி என்றால் தாயின் தங்கை. அவளுடைய மகள் றம்ஸானுக்கு ராத்தா, அதாவது அக்கா முறை. ராத்தாவின் கணவன் மச்சான். சென்னைக்காரன் அகராதியைப் பார்த்து எழுதியது அட்சரம் பிசகாமல் சரி. சிரித்த எல்லோரும் முட்டாள்கள்.

"இதை ஏன் என்னட்ட முதல்லயே சொல்லல்ல?"

"உங்களுக்குத் தெரியும் எண்டு நெனச்சன். அதுக்காகத்தானே அவரப் போட்டிருக்கீங்க எண்டு படகில எல்லாரும் கதச்சம்."

கன்னத்தில் அறைந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் படகில் வேலை செய்கிற ஏழு பேரும் நான் நீதிபதியை வளைத்துப் போட்டவள் என்று நம்பி, அதற்காக என்னைக் கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

யதுர்ஷன் தன் பதினொரு உதாரணத் தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு வழக்கறிஞர் புத்தி திரும்பிவிட்டது.

"அக்கா, ஹிஸ்புல்லா சேர் பொய் சொல்லேல்ல. கடிதத்தில இருக்கிற ஒவ்வொரு வரியும் உண்மை."

"ஓம். பிரயோசனமான வரியத்தான் எழுதல்ல. றம்ஸான்ட பேர் சாட்சிப் பட்டியல்ல முதல் பேர். அண்டைக்கே சொல்லியிருக்கோணும். வழக்கு முடியுமட்டும் சொல்லுற கடமை இருக்கு எண்டு நீங்கதானே தம்பி எனக்குப் படிப்பிச்சீங்க?"

"நாங்கள் றம்ஸான்ட வாக்குமூலத்த இணைக்காம விட்டா..."

"பிறகு தெரியவந்தா?"

"வெண்டாலும் சிங்கப்பூர்க் கோட்டில தீர்ப்ப உடைக்கப் பாப்பினம்" என்று முணுமுணுத்தார். "ஆனா இவர் போனா, டக் தெரிஞ்ச ஆள் வேற கிடைக்கிறது கஷ்டம்."

ஹிஸ்புல்லாவுக்குப் போன் எடுத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்க ஆசையாக இருந்தது. ஏலாது, ஒரு தரப்பு நடுத்தீர்ப்பாளரோடு தனியாகக் கதைக்கக் கூடாது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். மச்சானுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதக்கூடியவராகவும் இருக்கலாம். ஆனால் கேள்வி அது இல்லையே. வெளியிலிருந்து பார்க்கிற நியாயமான ஒருவனுக்குச் சந்தேகம் வருமா என்பதுதான் கேள்வி. என் படகில் இருக்கிற ஏழு பேருக்கும் சந்தேகமே வரவில்லை, நிச்சயமாகத் தெரிந்திருந்தது. முப்பது வருடத் தொழிலாம். டச்சுக்காரரின் நான்கு பக்கத்தைப் பார்த்துச் சிரித்த என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டேன்.

யதுர்ஷனின் பதினொரு உதாரணத்தையும் குப்பையில் போடச் சொன்னேன். மூன்று நடுத்தீர்ப்பாளருக்கும் எதிர்த்தரப்புக்கும் ஒரே மின்னஞ்சலில் உறவுமுறையை எழுதினோம்: யார் மகள், யார் கணவன், பெருநாள் சாப்பாடு உட்பட. ஆட்சேபத்தை நாங்கள் ஏற்கிறோம் என்றும் எழுதினோம்.

அடுத்த நாளே ஹிஸ்புல்லா விலகினார். குற்றச்சாட்டை ஏற்காமல், நடவடிக்கையின் கௌரவத்தை முன்னிட்டு விலகுகிறாராம். அந்தக் கௌரவம் இவ்வளவு நாளும் எங்கே படுத்திருந்ததோ தெரியாது. லண்டன்காரர் எங்கள் நேர்மையைப் பாராட்டி ஒரு வரி எழுதினார். அந்த வரியும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அவருடைய இடத்துக்கு மும்பையிலிருந்து ஒரு பெண்மணியை நியமித்தோம். ஆறு பக்கம் வெளிப்படுத்தியிருந்தார். ஆறையும் வரி வரியாக வாசித்தேன். டக் கயிற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதும் அதில் விளங்கியது. விட்ட இடத்திலிருந்து விசாரணை தொடர்ந்தது. அவர் படகை ஒருமுறை பார்த்த பிறகு, துறைமுகத்துக்கு மேலே ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சாட்சியம்.

லண்டன்காரர் எழும்பியதும் நேராக அந்த உறவு விஷயத்திலேயே கைவைத்தார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார்:

"திரு. றம்ஸான், இந்த மண்டபத்தில் தீர்ப்புச் சொல்ல இருக்கிறவர்களில் யாராவது உங்கள் சொந்தக்காரரா?"

றம்ஸான் மூன்று முகத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"இப்ப ஒருத்தரும் இல்ல. சொந்தமில்லாதவங்களுக்கு முன்னாலதான் இண்டைக்குச் சொல்லப்போறன். மூண்டு தரம் கத்தினன். ஒருத்தனும் கேக்கல்ல."

லண்டன்காரர் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். மும்பைப் பெண்மணி கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, றம்ஸான் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லிக் கத்தினீர்கள்? முதல் தடவையிலிருந்து சொல்லுங்கள்."