கொசு ஜோசியரின் இடது தோள்

கறம்பக்குடிக்கு ரயில் கிடையாது. இருந்தும் போன வருடம் ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், இரவு பத்தே முக்கால் மணிக்கு, அடைக்கலத்தின் ஓட்டு வீடு கிளம்பிப் போய், மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே மனைக்குத் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெறும் தரையைப் பார்த்துவிட்டு, ஏதாவது விசேஷத்துக்குப் போயிருப்பார்கள் என்று கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டார்கள்.

கிளப்பியது அடைக்கலத்தின் மகள் சுடர்விழி. கடைவீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் கையெழுத்தையே படித்துவிடுகிற ஆள். தை மாதம் அவளுக்கும் திருமயத்து வெற்றிசெல்வனுக்கும் பூ வைத்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது இருபது நிமிடம். அதில் பதினெட்டு நிமிடம் மாப்பிள்ளையின் மாமா பஸ் நேரம் பற்றிப் பேசினார். அதே வாரம் வெற்றிசெல்வன் ஷார்ஜாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கத் திரும்பிவிட்டான். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் கால் போகாது, எழுத்து மட்டும் போகும். அவன் தினமும் எழுதியது, 'சாப்டீங்களா?' அவள் பதில், 'சாப்டேன். நீங்க?' நூற்று நாற்பத்தெட்டு நாளாக இரண்டு பேரும் தவறாமல் சாப்பிட்டிருந்தார்கள். பூ வைத்த பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அதற்கு மேல் எழுதினால் வாய் நீளம், குறைந்தால் விருப்பமில்லை.

கல்யாணம் ஆவணியில். பத்திரிகை வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகவேண்டும். அதற்குள் இந்த ஆள் யாரென்று தெரியவேண்டும், தெரியாவிட்டால் விடிந்ததும் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று சுடர்விழி வியாழக்கிழமை மத்தியானம் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டாள். முடிவெடுத்தால் மாற்றுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அன்று 'சாப்டீங்களா' வந்ததும் அவள் எழுதினாள்: "இன்னைக்கு அது வேணாங்க. ஒரு வெளையாட்டு. நாம ரெண்டு பேரும் முன்னப்பின்ன தெரியாதவங்க. ராத்திரி வண்டி, எதிரெதிர் சீட்டு. விடியிற வரைக்கும் பேசணும்."

காலேஜில் ஹாஸ்டல் குரூப்பில் இதை இரண்டு வருடம் ஆடியவள் என்பதால் விதிகளையும் அனுப்பினாள். நீங்க நீங்களா வரக்கூடாது, வேற ஆளா வரணும். எதிராளி சொன்னதை இல்லைன்னு மறுக்கக்கூடாது, வாங்கிக்கிட்டு மேல ஒண்ணு சேக்கணும். வாய் பேசுறதைச் சும்மா எழுதணும், கை கால் செய்யிறதை ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டுத் தடிச்ச எழுத்தா எழுதணும். உங்க கை கால் உங்களோடது, என்னோடது என்னோடது. எனக்கு நீங்க எழுதக்கூடாது. நெசமா எதாவது சொல்லணும்னா அடைப்புக்குறிக்குள்ள சொல்லணும். யாருக்குப் புடிக்கலைன்னாலும் 'சங்கிலி'ன்னு எழுதுனா வண்டி அந்த இடத்துலயே நிக்கும். ஏன்னு கேக்கக்கூடாது.

அவன் நாலு நிமிடம் யோசித்து, "நான் லிஃப்ட் மெக்கானிக்" என்று எழுதினான்.

"(அது நீங்க. வேற ஆளா வாங்க.)"

மறுபடி நாலு நிமிடம். "நான் கொசுவுக்கு ஜோசியம் பாக்குறவன்."

வீடு லேசாக ஒரு குலுங்கு குலுங்கியது.

மறுக்கக்கூடாது என்பது அவளே போட்ட விதி. "அப்ப இந்தப் பெட்டியில ஒங்களுக்கு நல்ல யாவாரம். நான் சுகுணா. தொலைஞ்ச சாவிக்குப் பூட்டுத் தேடிக் குடுக்குறவ" என்று எழுதியதும் ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் மெல்லப் பின்னால் போனது. அவளுக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள், எழுபத்திரண்டு கிலோ ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அகலுமோ அவ்வளவு அகன்றன. ஷார்ஜாவில் ஆறு பேர் படுக்கும் அறையில் வெற்றிசெல்வனின் மேல் கட்டிலும் அதே நேரம் ஆடத் தொடங்கியது. கீழ்க் கட்டில்காரர், ஓடுகிற வண்டியில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததே பெரிசு என்று திரும்பிப் படுத்தார்.

ஆலங்குடி தாண்டும்போது அவன் எழுதினான்: "ஒங்களக் கடிச்ச கொசு ஒண்ணு இப்பத்தான் வந்து ஜாதகம் பாத்துச்சு. ரொம்ப நல்ல எடத்துல வாழ்ந்தேன்னு சொல்லுச்சு."

"அது எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லும். நம்பாதீங்க."

"ஆயுசு கெட்டின்னு சொன்னேன். கேக்கல. இன்னொரு தடவ கடிச்சிட்டுச் செத்தாலும் பரவால்லங்குது."

சுடர்விழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுப்படியில் பாத்திரங்கள் தாளம் தட்டின. புதுக்கோட்டையில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அவள் போனை நீட்டினாள். அவர் மேலிருந்து கீழே படித்துவிட்டு, "ஜோசியர் சீட்ட விட்டு எங்கேயும் போகலையே?" என்றார். "இல்லீங்க, அங்கேயேதான் இருக்காரு." நாற்காலியைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்துத் திருமயம். அங்கேதான் தப்பு நடந்தது. ஜன்னலில் சொந்த ஊர்க் கோட்டை தெரிந்த சந்தோஷத்திலோ என்னவோ, வெற்றிசெல்வன் தடித்த எழுத்தில் எழுதிவிட்டான்: *சுகுணா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.*

சுடர்விழி, "சங்கிலி" என்று எழுதினாள்.

வீடு கிறீச்சிட்டு நின்றது. பரணிலிருந்து அண்டா உருண்டது. அடைக்கலம் எழவில்லை. அம்மா ராசாத்தி எழுந்து, "சங்கிலிய இழுத்தது யாரு?" என்றாள்.

"நாந்தான் ஆத்தா."

"காரணம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பச் சரி" என்று அண்டாவை நிமிர்த்திவைத்துவிட்டுப் படுத்தாள்.

ஷார்ஜாவில் ஏசி நின்று, ஐந்து பேர் எழுந்து என்ன ஸ்டேஷன் என்று கேட்டார்கள். சுடர்விழி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவன் என்ன எழுதுகிறானோ அதுதான் பத்திரிகை. ஏன் என்று கேட்டால் முடிந்தது. வெளையாட்டுத்தானே என்றாலும் முடிந்தது. கோபித்துக்கொண்டு குட் நைட் போட்டாலும் அப்படித்தான்.

வந்தது இது: "(ஒங்க தலைய நான் சாய்ச்சிட்டேன். அது என் வேலையில்ல. தப்பு. வண்டிய எடுக்குறதும் எடுக்காததும் நீங்கதான். நான் முழிச்சிருக்கேன்.)"

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. நாற்பது நிமிடம் கோட்டைக்குக் கீழே வீடு நின்றது. ஆன்லைன் என்ற எழுத்து ஒருமுறைகூட அணையவில்லை. 'இருக்கீங்களா' என்றுகூட அவன் கேட்கவில்லை. நாற்காலி மட்டும், அவளுக்கு இடம் தருவதுபோல, ஓரடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

ஒன்றே முக்காலுக்கு அவள் எழுதினாள்: "வண்டி எடுத்தாச்சு. ஜோசியரே, எங்கே விட்டோம்?"

"கொசு சாகுறதுல."

"அது செத்துருச்சா?"

"இல்லீங்க. கேட்டுக் கடிக்கக் கத்துக்கிட்டிருக்கு."

பிறகு வண்டி நன்றாக ஓடியது. அவன் இருபத்தோராம் மாடியில், தனியாக, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஜோசியனின் பயத்தைச் சொன்னான். அவள் எந்தப் பூட்டிலும் சேராத ஒரு சாவியைத் தான் மட்டும் வைத்திருப்பதைச் சொன்னாள். எது ஜோசியன், எது சுகுணா, எது அடைப்புக்குறி என்று இருவருமே அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நார்த்தாமலைப் பாறைகள் வெளுக்கும் நேரத்தில் அவள் எழுதினாள்: "தூக்கம் வருது. ஒங்க தோள் ஒண்ணு காலியா இருக்கா?"

"இடது காலி. குறட்டை விடுவேன், முன்னாடியே சொல்லிட்டேன்."

*சுகுணா ஜோசியரின் இடது தோளில் சாய்ந்துகொண்டாள்* என்று அவளே, அவள் கையால், தடித்த எழுத்தில் எழுதினாள். எழுதிவிட்டு உண்மையிலேயே தூங்கிப்போனாள். தலை கீழே விழவில்லை.

காலையில் ராசாத்தி கோலம் போடப் போனபோது வாசல் மேற்கே பார்த்திருந்தது. போகும்போது கிழக்கு. சுற்றி வந்ததில் திரும்பியிருக்கும் என்று ராசாத்தி கோலத்தை அங்கிட்டே போட்டாள். போட்டு நிமிர்ந்து, "பத்திரிகைய அச்சுக்குக் குடுக்கவா, வேணாமா?" என்றாள்.

"குடுங்க" என்றாள் சுடர்விழி. "வாசல் மேற்குன்னு போடச் சொல்லுங்க."

அதே வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் வெற்றிசெல்வன் எழுந்தபோது, பனியனில் இடது தோளில் உள்ளங்கையளவு தேங்காய் எண்ணெய்க் கறை இருந்தது. மூன்று சோப்பு மாற்றியும் போகவில்லை. நாலாவது வாங்கவில்லை. ஆவணியில் அந்தப் பனியனுக்கு மேலேதான் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டான். பந்தலை மேற்குப் பக்கம் போட்டிருந்தார்கள். மொய் எழுத உட்கார்ந்தவருக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தார்கள். கால் அகன்றிருந்ததால் ஆடாமல் இருந்தது.