கோப்பில் மூன்றாவது பக்கம்

"மேலே போயிருக்கும்மா." மிக்கேல்ராஜ் இதைச் சொல்லும்போது ஒருநாளும் பாஸிலாவின் முகத்தைப் பார்த்ததில்லை. தாலுகா ஆபீஸ் கிளார்க்குகளுக்கு அது கைவந்த கலை. மேலே என்றால் எங்கே, மாடியிலா, மொட்டை மாடியிலா என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.

அவள் கேட்டது ஒரே ஒரு காகிதம். புருஷன் இஷாக்குக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. தோல் பதனிடும் ஷாப்பில் மூட்டை தூக்கிய மனுஷன் இப்போது வாரம் மூணு தடவை டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறான். அவனுடைய தங்கச்சி ஆரிபா ஒரு சிறுநீரகம் தருவதாகச் சொன்னாள், இரத்தமும் பொருந்தியது. இருவரும் கூடப்பிறந்தவர்கள் என்று தாசில்தார் சான்று கொடுத்தால்தான் மதுரை ஆஸ்பத்திரியில் அடுத்த படி. மனுக் கொடுத்து இரண்டு வாரம் ஆகியும் சான்று வரவில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டால் ஆபீஸே நடுங்கும் என்று யாரோ சொல்ல, பாஸிலா நாலு பக்கம் எழுதினாள். "உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், என் தாலியைக் காப்பாற்றுங்கள், ஏன் இன்னும் தரவில்லை?" இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது: இது கோரிக்கை மனு, தகவல் கோரும் விண்ணப்பம் அல்ல. அன்றைக்குத் தெருவில் உட்கார்ந்து அழுதாள். நம் ஜனத்துக்கு ஆபீஸ் என்றாலே கெஞ்சத்தான் வரும். வேறென்ன சொல்லிக் கொடுத்தோம்?

ஆபீஸ் வாசலில் மனு எழுதும் சுந்தரம்மாள் அந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அடியே, ஏன்னு கேட்டா அவன் பதில் சொல்ல வேண்டியதில்ல. பேப்பர்ல என்ன இருக்கோ அதக் கேளு. உம் மனு எந்தத் தேதி யார் மேசைக்குப் போச்சு, யார் என்ன குறிப்பு எழுதுனாங்க, அம்புட்டுக்கும் நகல் வேணும்னு கேளு. உசுரு சம்பந்தப்பட்டதுன்னு டாக்டர் கடிதாசியும் வை. அதுக்கு முப்பது நாள் இல்ல, நாப்பத்தெட்டு மணி நேரந்தான்."

"வேணாம் மதினி" என்றாள் கூடவே வந்திருந்த ஆரிபா. "எழுத்து கிழுத்துன்னு போனா கோவத்துல இன்னும் இழுத்தடிப்பாங்க."

"இழுக்கட்டும். உங்கண்ணன் இழுத்துக்கிட்டுக் கெடக்காருல்ல!" பாஸிலா பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப்பை நாக்கில் நனைத்து ஒட்டினாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பாஸிலா, கூட வந்த ஆரிபாவையும் அவள் பிள்ளையையும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். துணை வட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட உறையை மிக்கேல்ராஜ் நீட்டினான். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"சட்டப்படி குடுத்தாகணும், குடுத்துட்டேன். செத்த தனியா நின்னு படிங்கம்மா."

இன்றைக்கு இவனை உரித்துத் தொங்கவிடுவது என்ற வேகத்தில் ஜன்னலோரம் நின்று பிரித்தாள். முதல் பக்கம் பதில் கடிதம். இரண்டாம் பக்கத்தில் தேதிகள், எல்லாம் சரியாகவே இருந்தன. மனு ஐந்தே நாளில் விசாரணை முடிந்து வந்திருக்கிறது. மூன்றாவது பக்கத்தில் மிக்கேல்ராஜின் கையெழுத்தில் ஒரு குறிப்பு:

"தானம் செய்பவர் திருமதி ஆரிபா இன்று தனியே நேரில் வந்து, மூன்று வயதுக் குழந்தை இருப்பதால் தனக்கு அச்சமாக உள்ளதென்றும், விருப்பமில்லை என்றும், இதைக் குடும்பத்தாரிடம் சொல்ல இயலவில்லை என்றும் அழுது தெரிவித்தார். சான்று நிறுத்தி வைக்கலாம்." கீழே பச்சை மையில் அதிகாரியின் சுருக்கொப்பம்.

பாஸிலா அந்தக் குறிப்பை இன்னொரு தடவை படித்தாள். ஆறு வாரம் இவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். சபித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்காவது ஒரு வரி எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா பாவி, வேறு வழி தேடியிருப்பேனே! ஆறு வாரம்! வெளியே போய் ஆரிபாவை மயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்தது. பதில் கடிதத்தின் கடைசி வரி கண்ணில் பட்டது. திருப்தி இல்லையென்றால் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். யாரிடம்?

ஜன்னல் வழியே பார்த்தாள். பெஞ்சில் ஆரிபா, மடியில் பிள்ளை. அது தூங்கிவிட்டிருந்தது. அவள் ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு பயத்தை பாஸிலா ஒரே ஒரு முகத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஊசி ஏறும்போது இஷாக்கின் முகத்தில்.

அவள் வெளியே வருவதைக் கண்டதும் ஆரிபா எழுந்தே நின்றுவிட்டாள். "என்ன மதினி... என்ன போட்டுருக்கு?"

பாஸிலா தாளை நாலாக மடித்து உறைக்குள் தள்ளினாள். பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். நாளைக் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ்.

"மேலே போயிருக்காம்" என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமல்.