பதினேழாம் வினா

கார்காலம் விடைபெற்றுவிட்டது, பனிக்காலம் இன்னும் வந்து அமரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒருவருக்கும் உரிமையில்லாத சில நாட்கள் வானத்தின் கீழ் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. மழையிற் குளித்த மரங்கள் ஈரம் சொட்டியபடி, ஏதோ ஒரு தீர்ப்புக்குக் காத்திருப்பவை போல அசையாது நின்றன. கதிரவன் காலையில் தயங்கி எழுந்தான். மாலையில் சொல்லாமற் போனான். கல்லூரிச் சுவர்களில் பாசியின் பசுமை ஏறியிருந்தது. நீண்ட தாழ்வாரங்களில் நடப்பவர் காலடியோசைகூடத் தணிந்து ஒலித்தது. தேர்வுக்கு முந்திய பருவத்துக்கு எப்போதும் இந்த முகந்தான்.

அத்தகைய ஒரு காலைப்பொழுதில், பொருளியல் துறையின் அறிவிப்புப் பலகையில் வினாடி வினா மதிப்பெண்கள் ஒட்டப்பட்டன. மொத்தம் இருபது வினாக்கள். பதினைந்தும் அதற்கு மேலும் பெற்றோர் மூன்றாம் ஆண்டில் பொருளியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். பெறாதோர் பொதுப் பிரிவுக்குப் போக வேண்டும். வகுப்பில் ‘வரைபடம்’ என்று அழைக்கப்பட்ட மாணவி பதினான்கு பெற்றிருந்தாள். எதைக் கேட்டாலும் ஒன்றையொன்று வெட்டும்படி இரண்டு கோடுகள் போட்டு விளக்குவாள் என்பதால் வந்த பெயர் அது. குறைந்த அந்த ஒரு மதிப்பெண்ணைப் பறித்தது பதினேழாம் வினா.

வினா இது. ஒரு பொருளின் தேவைக்கும் அளிப்புக்கும் சமன்பாடுகள் தரப்பட்டிருந்தன. அவற்றைத் தீர்த்தால் சமநிலை விலை இருபது என்று வரும். அரசு அப்பொருளுக்கு உச்சவரம்பு விலையாக இருபத்தைந்தை அறிவிக்கிறது. சந்தையில் என்ன நிகழும்? அ, பற்றாக்குறை. ஆ, மிகை. இ, மாற்றம் எதுவுமில்லை. ஈ, விலை இருபத்தைந்தாக உயரும். அவள் இ என்று எழுதினாள். விடைக்குறிப்பு அ என்றது.

அன்று நண்பகலே அவள் ஒரு விண்ணப்பம் எழுதி, விரிவுரையாளரின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

“மதிப்பிற்குரிய விரிவுரையாளர் அவர்களுக்கு, வணக்கம். பதினேழாம் வினாவுக்கான விடைக்குறிப்பைத் தாங்கள் மீண்டும் ஒருமுறை பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். உச்சவரம்பு என்பது விலை அதற்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை. சமநிலை விலை அந்த எல்லைக்குக் கீழேயே இருப்பதால் எல்லை அதைத் தடுக்கவில்லை. ஆகவே பற்றாக்குறை எழ வழியில்லை என்று கருதுகிறேன். என் புரிதலில் பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வேன். தங்கள் நேரத்திற்கு நன்றி.”

மாலையில் விண்ணப்பம் திரும்பி வந்தது. அடியில் சிவப்பு மையில் விரிவுரையாளரின் கையெழுத்து: “விடை சரியே. உச்சவரம்பு பற்றாக்குறையை உண்டாக்கும். நான்காம் பாடம் காண்க.”

“பாத்தியா?” என்றாள் பக்கத்தில் நின்ற தோழி. வெயிலானாலும் மழையானாலும் கையில் குடையோடு திரிவதால் அவளுக்கு ‘குடை’ என்று பெயர். “வகுப்பே அ-ன்னு போட்டிருக்கு. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

“வகுப்பே ஏன் அ போட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா? போன வருஷத்துக் கேள்வித்தாள் எல்லார் போன்லயும் இருக்கு.”

“இருக்குதான். இருந்தா என்ன? ஏய், கிளறாதடி. நீ கிளறப் போயி எங்க மார்க்குல கைவெச்சிட்டாங்கன்னா உன்னை நானே வரைபடமா வரைஞ்சிருவேன்.”

குடையின் மதிப்பெண் சரியாகப் பதினைந்து. அது இருவருக்கும் தெரியும். வரைபடம் விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். இரவெல்லாம் அந்தச் சிவப்பு மை அவள் கண்ணுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. நான்காம் பாடத்தை அவள் பார்க்காதவளா? சமநிலைக்குக் கீழே விதிக்கப்படும் உச்சவரம்பே பற்றாக்குறையை உண்டாக்கும் என்று அதே பாடந்தான் சொல்கிறது.

மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் அவள் ஆசிரியர் அறைக்குப் போய் நின்றாள்.

“உள்ள வரலாமா மேடம்?”

விரிவுரையாளர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். “அதான் எழுதிக் குடுத்தாச்சேம்மா.”

“படிச்சேன் மேடம். பாடத்தையும் படிச்சேன். அதனாலதான் வந்தேன்.”

“அப்ப எனக்குத் தெரியலைங்கறே?”

“உங்களுக்குத் தெரியும் மேடம். நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் நான் எழுதியிருக்கேன்.” அவள் சுவரிலிருந்த வெண்பலகையில் இரண்டு கோடுகளை வெட்டிப் போட்டாள். வெட்டுமிடத்தில் இருபது என்று எழுதினாள். அதற்கு மேலே ஒரு படுக்கைக் கோடு இழுத்து இருபத்தைந்து என்று எழுதினாள். “கூரை பத்தடி உயரத்துல இருக்கு. ஆள் ஆறடி. தலை எப்படி மேடம் இடிக்கும்?”

மூலையிலிருந்த வேறொரு ஆசிரியர் தேநீரோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார்.

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார்; கையிலிருந்த வினாத்தாளைப் பார்த்தார். பின்பு கணினியைத் திறந்து வினாத் தொகுப்பை எடுத்தார். சென்ற ஆண்டு வினா அங்கே இருந்தது: உச்சவரம்பு பதினைந்து, விடை அ. பழைய தாள் மாணவர் கையில் சுற்றுகிறது என்பதை அறிந்து, ஆண்டுதோறும் எண்களை மாற்றுவது அவர் வழக்கம். இம்முறையும் மாற்றினார். பதினைந்து இருபத்தைந்தாயிற்று, விடைக்கான குறி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. நேற்று விண்ணப்பத்தைப் படித்தபோதும் அவர் கண்கள் தாளிலிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. பல ஆண்டுகளாகக் கற்பித்த பாடத்தையே பார்த்தன. பழைய தாளை நம்பியவர்களைப் பிடிக்க விரித்த வலை, தானே சிந்தித்தவள் ஒருத்தியைப் பிடித்துவிட்டது.

“என்னோட வா,” என்றார்.

துறைத் தலைவரின் அறையில் பட்டியல் ஏற்கெனவே கையொப்பமாகி உறையில் இருந்தது. மாலை நான்கு மணிக்கு அது அலுவலகத்துக்குப் போக வேண்டும். தலைவர் முழுவதையும் கேட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“சின்ன விஷயம். இதுக்குப் போயி இவ்வளவு களேபரமா? வெளியிலேர்ந்து மதிப்பீட்டுக் குழு வர்ற நேரம். விடைக்குறிப்பே தப்புன்னு பலகையில ஒட்டினா நம்ம துறைக்கு என்ன பேர் வரும்?” அவர் ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் தள்ளினார். “கருணை மதிப்பெண் ஒண்ணு. கையெழுத்துப் போடும்மா. பதினஞ்சு ஆயிடும். நீயும் சந்தோஷம், நாங்களும் சந்தோஷம்.”

அவள் படிவத்தைப் படித்தாள். ‘விடை தவறாயினும் மாணவியின் கோரிக்கையைக் கருணையோடு ஏற்று’ என்று அச்சிட்டிருந்தது.

“விடை தவறு இல்லையே சார்.”

“அது அச்சுல இருக்கற வார்த்தைம்மா. யாரு படிக்கப் போறா?”

“நான் படிச்சிட்டேனே சார்.”

தலைவர் விரிவுரையாளரைப் பார்த்தார். விரிவுரையாளர் தரையைப் பார்த்தார். “நாலு மணி வரைக்கும் யோசி,” என்றார் தலைவர். “கையெழுத்து இல்லைன்னா பதினாலோடதான் பட்டியல் போகும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் வந்து அமர்ந்து, பேருந்தில் நடத்துநராக வேலை பார்க்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள். பின்னணியில் விசில் ஒலித்தது.

“குடுக்கறதை வாங்கிக்கோயேன்டி. மார்க்கு மார்க்குதானே?” என்றாள் அம்மா.

“சரியா எழுதினதுக்கு எதுக்கும்மா கருணை? நீ டிக்கெட் குடுத்த ஆள்கிட்ட, டிக்கெட் இல்லாம வந்தேன்னு எழுதிக் குடு, இறக்கிவிடாம விடறேன்னு செக்கர் சொன்னா அந்த ஆளு எழுதிக் குடுப்பாரா?”

மறுமுனையில் சில்லறை குலுங்கியது. “வாய் மட்டும் உங்கப்பா மாதிரியே. சரி, உனக்கு எது தோணுதோ செய். படிக்கட்டுல நிக்காதீங்க, உள்ள போங்க! உன்னை இல்லடி. வெக்கிறேன்.”

மூன்றரை மணிக்கு விரிவுரையாளர் படிவத்தோடு வந்து அவளருகே உட்கார்ந்தார். அவர் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்ததை யாரும் கண்டதில்லை.

“போட்டுடும்மா. உன் படிப்பு முக்கியம். தப்பு என்னோடதுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?”

“போதாது மேடம்.” கண்ணீர் முட்டியது, அதை அவள் துடைக்கவுமில்லை, விழவிடவுமில்லை. “இதுல நான் கையெழுத்துப் போட்டா, என் விடை தப்புன்னு நானே எழுதிக் குடுத்ததா ஆயிடும். அதோட, வகுப்புல எல்லாரும் அ-தான் சரின்னு நினைச்சிட்டிருக்காங்க. பெரிய பரிட்சையிலயும் அதையேதான் எழுதுவாங்க. சிறப்புப் பாடம் போனா போகட்டும் மேடம். பொதுப் பிரிவுல உக்காந்தும் நான் இதையேதான் சொல்லுவேன்.”

விரிவுரையாளர் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆசிரியர் அறைக்குப் போய், கணினியில் பதினேழாம் வினாவின் குறியை அ-விலிருந்து இ-க்கு மாற்றினார். திருத்திய பட்டியலை அச்செடுத்தார். கூடவே ஓர் அறிவிப்பும் எழுதினார்: “பதினேழாம் வினாவுக்குச் சரியான விடை இ. விடைக்குறிப்பில் நேர்ந்த பிழை என்னுடையது. இ எழுதியோர் மதிப்பெண் பெறுவர். பிழை ஆசிரியருடையது என்பதால் ஏற்கெனவே வெளியான மதிப்பெண் யாருக்கும் குறையாது. நாளைய வகுப்பில் இவ்வினா மீண்டும் விளக்கப்படும்.” கீழே தம் கையொப்பத்தை இட்டார்.

துறைத் தலைவர் வாசலிலேயே வழிமறித்தார். “குழு கேட்டா யாரு பதில் சொல்றது?”

“கேள்வி கேட்டது நான். பதிலும் நானே சொல்றேன் சார். பழைய உறையைக் குடுங்க, பட்டியல் மாறியிருக்கு. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு.”

தலைவர் உறையைக் கொடுக்கவில்லை. ஆனால் திருத்திய பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கி, முணுமுணுத்தபடியே கையொப்பமிட்டு, உறையிலிருந்த பழையதை எடுத்துவிட்டு அதை வைத்தார்.

அறிவிப்பைப் பலகையில் விரிவுரையாளரே ஒட்டினார். கூட்டம் முண்டியது. குடை கடைசி வரி வரைக்கும் இரண்டு முறை படித்தாள்; பெருமூச்சு விட்டாள். “பொழைச்சேன். ஆனாலும் சொல்லுடி, மேடம்கிட்ட ஏதோ சொன்னியாமே, கூரைக்குக் கீழ நிக்கறவனுக்கு ஏன் தலை இடிக்கலை? நாளைக்கு அந்த மேடம் எழுப்பி என்னைத்தான் கேக்கும்.” வரைபடம் அவள் உள்ளங்கையை இழுத்து, பேனாவால் இரண்டு கோடுகளை வெட்டிப் போட்டாள்.

அன்று மாலை வேலை முடிந்து வந்த அம்மா நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. கைகால் கழுவிவந்து, சமையலறை மாடத்திலிருந்த சிறு படத்தின் முன் விளக்கேற்றினாள். வேண்டுதல் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூப்பிய கையோடு, கண்மூடி, சுடர் நிமிர்ந்து எரியும்வரை நின்றாள்.

பிறகு திரும்பி, மகளின் தலைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

“நீ நல்லா இரும்மா. உன்னை நிமிர்ந்து பாத்துத் தப்பு என்னோடதுன்னு சொன்னாங்களே, அந்த மேடமும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கட்டும்.”