ரங்கசாமி சொன்ன ரேட்டு

இரண்டு மாதம் ஏறெடுத்தும் பார்க்காத மனுசன், அன்றைக்குப் போன் போட்டு “என்ன நாகஜோதி, சௌக்கியமா?” என்று குழைந்தான். திண்டுக்கல் மொத்தக் கடை ரங்கசாமி. சின்னாளபட்டியில் மளிகைக் கடை வைத்திருந்த நாகஜோதிக்கு அந்தக் குரலைக் கேட்டதுமே பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? தீபாவளிச் சரக்குக்கு இருபத்தொரு நாள் தவணை என்று போனில் சொன்னவன், எட்டாம் நாளே கடை வாசலில் வந்து நின்று, “கடன்காரி, நாணயங்கெட்டவ” என்று தெருவே கேட்கக் கத்தினான். தவணையா, நான் எப்போ சொன்னேன் என்று சத்தியம் வேறு செய்தான். காதுச் சிமிக்கியை அடகு வைத்து, பணத்தை அவன் முகத்தில் எறிந்தாள். பணம் போகட்டும், அந்தப் பேச்சுத்தான் இன்னும் அறுத்தது.

புதுப் பருப்பு வரப்போகிறது, பழையது தேங்கிவிட்டது. அதற்குத்தான் இந்தக் குழைவு.

“ஒனக்கு மட்டுந்தான் இந்த ரேட்டு. வெளிய மூச்சு விடாத.”

“சொல்லுங்க அண்ணாச்சி, எழுதிக்கிறேன். துவரம்பருப்பு மூட்ட அம்பது கிலோதானே?”

“ஆமா. கிலோ நூத்திப் பன்னெண்டு.”

ஊரில் எல்லாருக்கும் அவன் போட்டது நூற்றுப் பதினெட்டு. நாலு மூட்டை என்று எழுதிக்கொண்டாள்.

“பாமாயில் டின்னு பதினஞ்சு கிலோவா, லிட்டரா?”

“கிலோதான். ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பது, வரியோட. எத்தன?”

“ஆறு. தவண?”

“முப்பது நாளு.”

“பில்லு தேதியிலருந்தா, சரக்கு எறங்குன தேதியிலருந்தா?”

“எறங்குனதுலருந்துதான். எறக்குகூலியும் என்னுது. போதுமா தாயி?”

அத்தனையையும் வரிசையாக வாட்ஸப்பில் அடித்து, “சரியான்னு பாத்துச் சொல்லுங்க” என்று அனுப்பினாள். “சரி” என்று பதில் வந்தது.

சரக்கு இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் பருப்பில் மட்டும் ஆயிரத்து இருநூறு லாபம். அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் மற்றக் கடைக்காரர்கள் அன்று சாயங்காலத்துக்குள் அவனிடம் நூற்றுப் பதினெட்டுக்கே ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். பட்டியலையும் அந்தச் “சரி”யையும் சேர்த்துப் படமெடுத்து, ஊர் மளிகைக்காரர்கள் குரூப்பில் போட்டாள். சிரிப்பு வந்தது.

அரைமணி நேரத்தில் போன் அலறியது.

“ஏய், என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே! ஆளாளுக்கு நூத்திப் பன்னெண்டு, முப்பது நாளுங்கிறானுக. ஒன் லோடு வராது, பாத்துக்க!”

“வேணாம் அண்ணாச்சி. நான் வேற எடத்துல ரொக்கத்துக்கு வாங்கிக்கிறேன்.”

அவன் குரல் இறங்கி வந்தது. “நாகஜோதி, நீயா எழுதுனதுன்னு குரூப்புல ஒரு வார்த்த போடும்மா. நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு.”

“நாணயங்கெட்டவ சொன்னா யாரு அண்ணாச்சி நம்புவாக?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.