அவர் எடை, என் துடிப்பு

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லாரும் தராசு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை கடையாகப் போய் எடைக்கருவிகளைச் சோதிக்கிற வேலை. பித்தளைப் படிக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியோடு அவர் தெருவில் இறங்கினால் பாதிக் கடைக்காரர்கள் அவசரமாகத் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெட்டியை விடவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்து, நான் பெருக்கும்போதெல்லாம் காலில் இடிக்க விட்டு, என் வாயைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், என் தம்பி ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தான். நேரம் காட்டுவது அதற்குச் சின்ன வேலை. நாடித்துடிப்பை எண்ணி, எத்தனை கலோரி எரிந்தது என்று சொல்வதுதான் பெரிய வேலை.

"வயசு, எடை, ஆணா பெண்ணா, மூணும் போட்டாச்சு மாமா. இனிமே நடக்க ஆரம்பிக்கும்போது ஒரு தட்டு, முடிஞ்சதும் ஒரு தட்டு, நடுவுல அதுவே கணக்குப் பண்ணிக்கும். ஒரு நாளைக்கு நானூறு வெச்சிருக்கேன்."

"நானூறு தாண்டினா?"

"தாண்டினா கை அதிரும். வாழ்த்துச் சொல்லும்."

"பரவாயில்ல மாப்பிள்ளை, உங்க அக்கா முப்பது வருஷமா சொல்லாததை இது சொல்லுது" என்றார். அந்த மனுஷனுக்கு மரணம் வாசல் வரை வந்து போயிருக்கிறது, அப்போதும் கிண்டல். நானும் சிரித்தேன். சிரித்தாரே என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது. ராத்திரி படுத்தால் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். இன்னொரு முறை வந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து தப்பிக்க அவர் பிடித்த கயிறு அந்த நானூறு. அதைத் தொட்டுவிட்டால் பிழைத்துவிடுவோம் என்று மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டார். கடிகாரமோ நாற்பது நிமிஷம் நடந்தாலும் இருநூற்றைம்பதுக்கு மேல் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து மணிக்கட்டைப் பார்த்து, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி செருப்பைக் கழற்றுவார்.

இதயநோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் கூடம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. நின்ற இடத்திலேயே நடக்கிற டிரெட்மில்கள் நான்கு, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், துணைக்கு வந்த மனைவிமார்கள். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் பொண்ணிடம் இவர் கடிகாரத்தை நீட்டிக் குறை சொன்னார்.

"சார், உங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது" என்றாள் அவள்.

"ஏன் செல்லாது? மூணு விவரமும் சரியாத்தானே போட்டிருக்கு?"

அவள் பொறுமையான பெண். ஒரு தாளில் எழுதியே காட்டினாள். துடிப்பை ஒரு எண்ணால் பெருக்கு, எடையை ஒன்றால், வயதை ஒன்றால், எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய எண்ணைக் கழி. ஆணுக்கு ஒரு வரி, பெண்ணுக்கு வேறொரு வரி. "கொஞ்சம் பேரை ஓட வெச்சு, மூச்சை அளந்து, துடிப்போட ஒப்பிட்டுப் போட்ட சராசரி இது. நல்லா இருக்கிறவங்க, நிதானமா ஒரே வேகத்துல ஓடினா ஓரளவுக்கு ஒத்து வரும். சும்மா உட்கார்ந்திருந்தா ஒத்து வராது. காய்ச்சல், பயம், வெயில், ஒரு டம்ளர் காபி, எதுனாலயும் துடிப்பு ஏறும். அப்பல்லாம் நீங்க வேலை செய்யறதா அது நெனச்சுக்கும்."

"எனக்குத் துடிப்பு ஏறவே மாட்டேங்குதேம்மா."

"அதான் சார். நீங்க காலையில சாப்பிடுற வெள்ளை மாத்திரை துடிப்பைப் பிடிச்சு வெக்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் கூடுதலா ரத்தம் தள்ளுது. உங்க கால் செய்யற வேலை அதேதான். கடிகாரத்துக்கு மாத்திரை தெரியாது. அது துடிப்பை மட்டும்தான் பாக்குது. அதைக் கழட்டி வைங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. உங்களுக்கு அதுதான் அளவு."

"நான் பாடினா கூட நடக்கிறவனுக்கு அட்டாக் வந்துடும்" என்றார். கூடமே சிரித்தது.

நான் கடிகாரத்தை வாங்கி என் கையில் கட்டிப் பார்த்தேன். எனக்கும் அவருக்குக் காட்டுகிற மாதிரிதான் காட்டும் என்றாள் அவள். உள்ளே இருப்பது அவர் விவரம். என்னை ஓர் ஆண் என்று அது நம்பிக்கொண்டிருக்கும். பெண் என்று மாற்றினால் அதே துடிப்புக்குப் பாதியை ஒட்டித்தான் வரும். அது மட்டுமில்லை. பெண்ணுக்கான வரியில் எடையைக் கூட்டவில்லை, கழித்திருக்கிறார்கள்.

"குண்டா இருந்தா கழிப்பாங்களா? எந்தப் பாவி போட்ட கணக்கு இது!"

"அந்த ஆய்வுல இருந்த பெண்களுக்கு அப்படிப் பொருந்திச்சு. அவ்வளவுதான்மா."

எனக்கு அந்த விஷயம் அன்றோடு முடிந்துவிட்டது. கழுதை, ஒரு பொம்மை என்று தோன்றியது. அவருக்கும் புரிந்திருக்கும் என்றே நினைத்தேன். ஊரையே அளந்த மனுஷன் ஆயிற்றே. ஒரே படிக்கல்லை இரண்டு முறை வைத்து, தராசு இரண்டு அளவு காட்டினால் ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டார், இனி அதைத் தொடக் கூடாது என்று சீல் வைத்துவிடுவார். கல்லைக் குறை சொல்லிக் கெஞ்சுகிற கடைக்காரனிடம், "கல்லு மாறாது தம்பி, தராசுக்குத்தான் சீல்" என்பார். வீட்டிலும் எதற்கெடுத்தாலும் அதைச் சொல்லியே என் உயிரை எடுப்பார்.

ஆனால் அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. கொஞ்ச நாளில் அது ஏற ஆரம்பித்தது. முன்னூற்றைம்பது, நானூறு. ஒரு நாள் கதவைத் திறக்கும்போதே கையை நீட்டினார்.

"பாத்தியா, நானூத்தி முப்பது!"

"அடேங்கப்பா. ஓடினீங்களா?"

"அதே பூங்கா, அதே சுத்து. உடம்பு தேறிடுச்சுடி."

முகம் அப்படி மலர்ந்திருந்தது. நெஞ்சில் கை வைக்காமல் தூங்கினார். எனக்கு என்ன தெரியும்? தினமும் காலையில் அந்த வெள்ளை மாத்திரையை நானே அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்குகிறவரை நின்று பார்த்தவள் நான். தொண்டை அசைந்தது. அந்த அசைவை நம்பினேன்.

அன்று காலையும் அப்படித்தான் கிளம்பினார். காப்பி ஆறுவதற்குள் பூங்கா காவலாளி ஓடி வந்தார். நான் செருப்பில்லாமல் ஓடினேன். நடைபாதை ஓரம் சிமென்ட் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்து, உதடு வெளுத்து, கடிகாரக் கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் படுக்க வைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் துடிப்பு நூற்று நாற்பதில் துள்ளியது. இளம் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"துடிப்பைக் குறைக்கிற மாத்திரை கடைசியா எப்ப சாப்பிட்டார்?"

"இன்னிக்குக் காலையில. நானே குடுத்தேன்."

"இல்ல" என்றார் இவர். கட்டிலிலிருந்து வந்த குரல் காற்று மாதிரி இருந்தது. "ரெண்டு வாரமா சாப்பிடல."

எனக்கு முதலில் புரியவே இல்லை.

"ஒரு நாள் மாத்திரை உள்ள போகாம நாக்கடியில தங்கிடுச்சு, துப்பிட்டேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா முன்னூறு தாண்டுச்சு. மாத்திரைதான் உடம்பை மந்தமாக்குதுன்னு..." மூச்சு வாங்கியது. "அப்புறம் தினமும் நாக்கடியில ஒதுக்கிட்டேன். எல்லாம் படிக்கல் பெட்டியில இருக்கு. தூக்கிப் போடல."

டாக்டரின் முகம் மாறியது. "அதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது சார். பிடிச்சு வெச்ச துடிப்பு முன்ன இருந்ததை விட மோசமா எகிறும்" என்று சொல்லிக்கொண்டே நர்ஸிடம் ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னார்.

அவரை அங்கேயே நாலு அறை அறையலாம் போல இருந்தது. கத்தியும் விட்டேன். "அந்தப் பொண்ணு தாள்ல எழுதிக் காட்டினாளே! மண்டையை மண்டையை ஆட்டினீங்களே! என்னை நிக்க வெச்சு நாடகம் ஆடினீங்களே!" நர்ஸ் என் தோளைப் பிடித்தாள். நான் அவர் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் அது அதிர்ந்தது. என் உள்ளங்கைக்குள், அவர் மணிக்கட்டில். பூங்காவில் தொடங்கிய நடையை யாரும் நிறுத்தவில்லை. அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அறுபத்திரண்டு வயது, எழுபத்தெட்டு கிலோ, ஆண், துடிப்பு நூற்று நாற்பது. சின்னத் திரையில் பச்சை வட்டம் ஒன்று சுழன்றது. இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள், வாழ்த்துகள்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கடையில் நின்று முள்ளைப் பார்க்கிற அதே பார்வை. நான் அந்தப் பார்வையை வருஷக்கணக்கில் பார்த்தவள்.

"படுத்துட்டு இருக்கேன்" என்றார். "அசையக்கூட இல்ல."

"பேசாதீங்க."

"அதே பூங்கா. அதே சுத்து. மாத்திரை போட்டா ஒரு அளவு, போடலைன்னா ஒரு அளவு." கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. "கல்லு மாறாதுடி."

மீதியை அவரால் சொல்ல முடியவில்லை. என் வாயால் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. தெரிந்த மனுஷன். உலகத்தில் வேறு எவனுக்குத் தெரியாமல் போனாலும் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. பிழைக்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

திரையில் கோடு தாறுமாறாக ஓடியது. டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுக் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்தாள்.

வெளியே நடைக்கூடத்தில் பெஞ்சு ஒன்று இருந்தது. உட்கார்ந்தேன். தொலைந்துவிடுமோ என்று கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டேன். உள்ளே ஓடுகிற காலடிகள் கேட்டன, பிறகு ஒரு நீளமான சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் இதயம் அடித்த அடியில் காது இரைந்தது. குனிந்து மணிக்கட்டைப் பார்த்தேன். நடை இன்னும் முடியவில்லை. துடிப்பு நூற்று இருபத்தாறு. அறுபத்திரண்டு வயது, எழுபத்தெட்டு கிலோ, ஆண். நானூற்று அறுபது, நானூற்று அறுபத்தொன்று. என் துடிப்பை வாங்கிக்கொண்டு அது அவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தது. தப்புக் கணக்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.