பழுப்பேறிய பால்

கரண்டி நின்றால் வேலை போச்சு. அமுதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்டினாள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய அன்னக்கூடைக்குள் பால் குண்டான் உட்கார்ந்திருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் இந்த வித்தை?" மரி-க்ளேர் கதவில் சாய்ந்தபடி கேட்டாள். கருவடிக்குப்பத்து வீட்டின் பின்கட்டில் கேக்கும், ஃப்ளான் என்கிற கெட்டிப்பால் புட்டிங்கும் செய்து விற்கிற மதாம் அவள்.

"கை பொறுக்கிற சூட்டுக்கு வரணும் மதாம்."

"வரட்டும். இதுவும் அப்படியே இருந்துச்சுன்னா இன்னியோட நீ கெளம்பு."

மேஜைமேல் இரண்டு ஜாடிகள். ஒன்றில், முதலியார்பேட்டையில் ஒரு பிள்ளை முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குப் போய்த் திரும்பி வந்த ஃப்ளான்; மற்றதில், அதற்கு ஊற்றிய கெட்டிப்பாலில் மிச்சம். நிறம் டீத்தண்ணி. வாயில் போட்டால் நறநறவென்று மணல்.

"பாலை வித்துட்டு நாட்டுச்சர்க்கரையும் மண்ணும் கலந்தியா?" என்று காலையில் கேட்டிருந்தாள் மதாம். எட்டு வருஷம் அந்த அடுப்படியில் வெந்தவளுக்கு அந்த வார்த்தை போதும். "உங்க கண்ணெதிர்ல செஞ்சு காட்டறேன், பாருங்க" என்று மல்லுக்கு நின்றாள்.

லிட்டருக்குக் கால் கிலோ சர்க்கரை. நல்லா காய்ந்த பாலில் சர்க்கரையைக் கரைத்து, சிறு தீயில், அடி பிடிக்காமல் நானூறு மில்லியாகச் சுண்டவிட்டிருந்தாள். குண்டான் வெதுவெதுப்புக்கு வந்ததும் கடையில் வாங்கிய டின்னிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துக் கலந்தாள்.

"அது எதுக்கு?"

"விதை மாதிரி மதாம். பாலுக்குள்ளயே ஒரு சர்க்கரை இருக்கு. தண்ணி சுண்டிப்போச்சுன்னா அது கரைஞ்சு நிக்காது, கல்லா கட்டும். சும்மா ஆறவிட்டா நாலஞ்சு கல்லு பெருசா வளந்து பல்லுல கடிக்கும். விதையப் போட்டு விடாம கிண்டிக்கிட்டே ஆத்தினா, கோடிக் கல்லு பொடிப்பொடியா பிரியும். நாக்குக்கே தெரியாது."

மதாம் ஸ்பூனை வாயில் வைத்தாள். பட்டுத்துணி. இளமஞ்சள்.

"சரி, மணல் போச்சு. அந்தக் கறுப்பு?"

அமுதவல்லி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். காய்ச்சாமல் எடுத்து வைத்திருந்த பாலில் கால் டம்ளர் ஊற்றி, ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டுச் சர்க்கரையோடு சுண்டவைத்தாள். கொஞ்ச நேரத்தில் நிறம் இறங்கியது. பொன்னிறம், அப்புறம் பழுப்பு. தீய்ந்த வாடையே இல்லை.

"தீ ஓவரானாலும் கறுக்கும், வெயில்ல மாசக்கணக்கா இருந்தாலும் கறுக்கும். ஆனா இது நாலு நாள் ஜாடி, தீய்ஞ்ச வாசமும் கெடையாது. சோடா போட்டிருக்காங்க மதாம்."

"யாரு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்தாள். அந்தப் பால் காய்ச்சிய செவ்வாய்க்கிழமை மதாம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று புருஷன் கலியமூர்த்தி போன் பண்ண, "அடுப்பைப் பாத்துக்கோக்கா" என்று கூட வேலை பார்க்கும் வசந்தாவிடம் சொல்லிவிட்டுக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் இவள். சொல்லாமல் போனால் திரும்பி வராதே என்பது மதாமின் சட்டம்.

"சுண்ட வச்சது நான். இறக்கி ஆத்தினது வசந்தாக்கா" என்றாள். அரைப் பொய்; சுண்ட வைத்ததும் வசந்தாதான். அதுவே போதுமானதாக இருந்தது.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வசந்தா நிமிர்ந்தாள். நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை. அமுதவல்லியை ஒரு நொடி பார்த்தாள்.

"சோடா போட்டியா?" மதாம் கேட்டாள்.

"நான்தான் போட்டேன் மதாம்."

"ஏன்? சொல்லு, இல்லன்னா இப்பவே கெளம்பு."

வசந்தா குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். போகும்போது, "கொழந்தய நல்லாப் பாத்துக்கோ அமுதா" என்றாள். குத்தலா, கரிசனமா? கேட் சாத்துகிற சத்தம்தான் வந்தது.

"திமிரப் பாத்தியா, மோன் தியே, கடவுளே!" என்று மதாம் உள்ளே போனாள்.

சாயங்காலம் பென்ஷன் பேப்பர் விஷயமாகப் போயிருந்த லூசியன் முசே, மதாமின் கணவர், தொப்பியைக் கழற்றியபடி அடுப்படிக்கு வந்தார்.

"வசந்தா எங்கம்மா?"

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்க முசே. பால்ல சோடா போட்டதுக்கு."

"நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு?"

"செவ்வாக்கிழமை காலைல வந்த பாலை உடனே காய்ச்சாம நீ மறந்துட்ட. மத்யானம் அந்தம்மா அடுப்புல ஏத்தப் போகும்போது லேசா புளிப்பு தட்டிடுச்சு. திரிஞ்சா மொத்தமும் போயிடும், கேட்டா நீ ஓடினதும் தெரிஞ்சிடும்னு சோடாவப் போட்டுச்சு. ஆத்தற வெதம் அதுக்குத் தெரியாது. கிண்டாம அப்படியே ஆற வச்சிட்டு நின்னுச்சு பாவம். நான் இங்கதான் உக்காந்திருந்தேன். 'மதாம்கிட்ட சொல்லிடாதீங்க முசே, அமுதாவுக்கு வேலை போயிடும்'னு என் கையப் புடிச்சிச்சு."